நடைவழி விளக்குக்கு 90 நிமிடத் தேர்வு

இரவு எட்டு மணி. துணி வாங்க வந்தவர்கள் கைநிறையப் பைகளோடு வணிக வளாகத்தின் நடைவழியில் நெருக்கியடித்து நடக்கிறார்கள். கரண்ட் போகிறது. கடைகளுக்குள் இன்வெர்ட்டர் இருப்பதால் அங்கே விளக்கு மீண்டும் எரிகிறது. ஆனால் இன்வெர்ட்டர் கடைக்காரருடையது, நடைவழி எல்லோருக்கும் பொதுவானது. கூரையில் மாட்டியிருக்கும் எமர்ஜென்சி லைட் ஒன்றுதான் நடைவழிக்கு ஆதாரம். பளிச்சென்று எரியத் தொடங்கிய அந்த விளக்கு கால் மணி நேரத்தில் மங்கிவிடுகிறது. படிக்கட்டின் முதல் படி எங்கே இருக்கிறது என்று காலால் தடவிப் பார்க்க வேண்டியதாகிறது.

"பெட்டியில நாலு மணி நேரம்னு போட்டிருக்குங்கண்ணா, இருபது நிமிஷங்கூட நிக்க மாட்டேங்குது" என்பது எலக்ட்ரீஷியன்கள் அடிக்கடி கேட்கும் புகார். விளக்கு பழுதாகியிருக்கலாம். பேட்டரி வயதாகியிருக்கலாம். ஆனால் பல நேரங்களில் விளக்கு புத்தம் புதியதாகவே இருக்கும். பெட்டியில் அச்சிட்டிருக்கும் நேரமும் நடைவழிக்குத் தேவையான வெளிச்சம் நிற்கும் நேரமும் வேறு வேறு. இதைத் தெரிந்துகொண்டால் வாங்கும்போதே பாதித் தவற்றைத் தவிர்த்துவிடலாம். மீதிப் பாதிக்கு ஒரு கடிகாரமும் ஒரு நோட்டும் போதும்.

எவ்வளவு வெளிச்சம், எவ்வளவு நேரம்?

இந்தியத் தர நிர்ணய அமைவனம் வெளியிட்ட 2016ஆம் ஆண்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பு இதற்கு இரண்டு அளவுகளைச் சொல்கிறது. ஆட்கள் தப்பித்து வெளியேறும் வழியின் நடுக்கோட்டில், தரை மட்டத்தில், 10 லக்ஸ் வெளிச்சம் இருக்க வேண்டும். அந்த விளக்கு அமைப்பு குறைந்தது ஒன்றரை மணி நேரம் தொடர்ந்து எரியக்கூடியதாக இருக்க வேண்டும்.

லக்ஸ் என்பது ஒரு பரப்பின் மீது விழும் வெளிச்சத்தின் அளவு. நல்ல வெளிச்சமுள்ள அலுவலக மேசையில் 300 முதல் 500 லக்ஸ் வரை இருக்கும். 10 லக்ஸில் துணியின் நிறத்தைத் துல்லியமாகப் பார்க்க முடியாது. ஆனால் படி, கீழே விழுந்து கிடக்கும் பை, குழந்தையின் கை எல்லாம் தெரியும். எமர்ஜென்சி லைட்டின் வேலை அவ்வளவுதான். 500 லக்ஸில் பழகிய கண்கள் திடீரென்று இருட்டுக்குள் வரும்போது அந்த 10 லக்ஸும் இல்லையென்றால் சில நிமிடங்களுக்கு எதுவுமே தெரியாது.

ஆக, ஒரு விளக்கைப் பார்த்துக் கேட்க வேண்டிய கேள்வி "எத்தனை மணி நேரம் எரியும்?" என்பதல்ல. "90ஆவது நிமிடத்தில் தரையில் எவ்வளவு வெளிச்சம் விழும்?" என்பதே.

பெட்டியைப் படிக்கும் கணக்கு

இந்தக் கேள்விக்கான பதிலில் பாதியைக் கடையில் நின்றபடியே கணக்குப் போட்டுவிடலாம். இன்று எல்லாக் கடைகளிலும் கிடைக்கும் 9 வாட் இன்வெர்ட்டர் பல்பை எடுத்துக்கொள்வோம். அதற்குள் பெரும்பாலும் ஒரே ஒரு லித்தியம் செல் இருக்கும். 3.7 வோல்ட், 2200 எம்.ஏ.எச். என்று பெட்டியின் பக்கவாட்டில் சிறிய எழுத்தில் போட்டிருப்பார்கள். 2200 எம்.ஏ.எச். என்றால் 2.2 ஆம்பியர்-மணி. அதை 3.7ஆல் பெருக்கினால் 8.1 வாட்-மணி. இதுதான் அந்தப் பல்பின் முழுச் சேமிப்பு. உள்ளே இருக்கும் மின்சுற்று இதில் 15 சதவீதம் அளவுக்குத் தின்றுவிடும் என்று வைத்தால் மிஞ்சுவது சுமார் 7 வாட்-மணி. 9 வாட் பல்பு அதை வைத்துக்கொண்டு முக்கால் மணி நேரம்தான் முழு வெளிச்சத்தோடு எரிய முடியும்.

அப்படியானால் பெட்டியில் உள்ள நான்கு மணி நேரம் பொய்யா? பொய் இல்லாமலும் இருக்கலாம். கரண்ட் போனதும் பல்பு தன் வெளிச்சத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். 7 வாட்-மணியை நான்கு மணி நேரத்துக்குப் பங்கிட்டால் கிடைப்பது 2 வாட்டுக்கும் குறைவு. 9 வாட் என்று வாங்கிய பல்பு தேவையான நேரத்தில் அதன் ஐந்தில் ஒரு பங்கு அளவில்தான் எரிகிறது. வீட்டு அறையில் சாப்பிட்டு முடிக்க அது போதும். 20 மீட்டர் நீள நடைவழிக்குப் போதாது.

இன்வெர்ட்டர் பல்பில் இன்னொரு சிக்கலும் உண்டு. சுவிட்சை அணைத்ததால் மின்சாரம் வரவில்லையா, ஊருக்கே கரண்ட் போனதால் வரவில்லையா என்பதை அந்தப் பல்பு எப்படித் தெரிந்துகொள்கிறது? ஹோல்டரின் இரு முனைகளுக்கும் இடையே மின்சாரம் சுற்றிவர வழி இருக்கிறதா என்று பார்க்கிறது. கரண்ட் போன வீட்டில் ஃபேன், டி.வி. போன்ற மற்றக் கருவிகள் வழியாக அந்தச் சுற்று முழுமையாகிவிடும். அதனால் பல்பு எரியும். சுவிட்ச் அணைந்திருந்தால் சுற்று அறுந்திருக்கும். அதனால் எரியாது. பல்பின் அடிப்பாகத்தை விரல்களால் தொட்டால் எரிவதும் இதே காரணத்தால்தான். இந்தப் பல்பு நடைவழியில் இருக்கும்போது யாராவது சுவிட்சை அணைத்திருந்தால் கரண்ட் போனாலும் எரியாது. நடைவழிக்கென்று தனி எம்.சி.பி. இருந்து, அந்த வயரில் இன்வெர்ட்டர் பல்பைத் தவிர வேறு எதுவும் மாட்டாமல், எம்.சி.பி. மட்டும் ட்ரிப் ஆனாலும் அது இருட்டாகவே நின்றுவிடக்கூடும். மின்கசிவால் ஆபத்து வரும் நேரத்தில் நடப்பது பெரும்பாலும் இதுதான். எனவே பொது நடைவழிக்கு இன்வெர்ட்டர் பல்பு ஏற்றதல்ல.

ஏற்றது, சுவரிலோ கூரையிலோ நிரந்தரமாகப் பொருத்தும் எமர்ஜென்சி லைட். அதன் பெட்டிக்குள் சார்ஜரும் பேட்டரியும் விளக்கும் சேர்ந்தே இருக்கும். வெளியிலிருந்து வரும் மின்சாரம் நின்ற மறுகணம் தானாக எரியும்.

ஒரு நடைவழி, ஐந்து விளக்குகள்

கணக்கை ஓர் இடத்தில் வைத்துப் பார்ப்போம். ஈரோட்டு ஜவுளிக் கடைத்தெருவில் முதல் மாடியில் இருக்கக்கூடிய ஒரு நடைவழி. நீளம் 20 மீட்டர், அகலம் 2 மீட்டர், விளக்கு மாட்டும் உயரம் 2.5 மீட்டர். இரு பக்கமும் கடைகள். ஒரு கோடியில் படிக்கட்டு, மறு கோடியில் வெளியே இறங்கும் இரும்புப் படி.

இதற்கு 300 லூமென் ஒளி தரும் விளக்கு ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் அதன் நேர் கீழே தரையில் சுமார் 15 லக்ஸ் கிடைக்கும். இரண்டு மீட்டர் தள்ளிப் போனால் அது 6 லக்ஸுக்குச் சற்றே குறைவாகிவிடும். மூன்று மீட்டர் தள்ளினால் 3 லக்ஸ்கூட இருக்காது. வெளிச்சம் இவ்வளவு வேகமாகக் குறைவதால்தான் நடைவழியின் நடுவில் ஒரே ஒரு பெரிய விளக்கை மாட்டுவது பயன் தருவதில்லை. அதன் கீழே கண் கூசும், இரு கோடிகளிலும் இருட்டு நிற்கும். நான்கு மீட்டருக்கு ஒன்று என்று ஐந்து விளக்குகளை மாட்டினால் இரண்டு விளக்குகளுக்கு நடுவில் உள்ள இடத்துக்கு இரு பக்கத்து ஒளியும் சேர்ந்து 12 லக்ஸ் வரும். சுவர் வெள்ளையாக இருந்தால் இன்னும் ஒன்றிரண்டு கூடும். படிக்கட்டு இருக்கும் கோடிகளில் ஒரு பக்கத்து விளக்கின் ஒளிதான் விழும் என்பதால் முதல் விளக்கையும் கடைசி விளக்கையும் படிகளை நோக்கிச் சற்றே நகர்த்தி வைக்க வேண்டும், அல்லது படிக்கட்டுக்கென்று தனி விளக்கு வைக்க வேண்டும்.

இனி பேட்டரி. 300 லூமெனுக்கு எல்.இ.டி. சுமார் 3 வாட் எடுக்கும். ஒன்றரை மணி நேரத்துக்கு 4.5 வாட்-மணி. மின்சுற்றின் இழப்பைச் சேர்த்தால் 5.3. ஆனால் பேட்டரி என்றும் புதிதாகவே இருக்காது. அதன் கொள்ளளவு 70 சதவீதமாகத் தேய்ந்த பிறகும் ஒன்றரை மணி நேரம் நிற்க வேண்டும் என்றால் வாங்கும்போது குறைந்தது 7.6 வாட்-மணி வேண்டும். 3.2 வோல்ட், 3 ஆம்பியர்-மணி கொண்ட லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி 9.6 வாட்-மணி தரும். புதிதில் அது 160 நிமிடம் வரை தாக்குப்பிடிக்கும்.

பழைய வகை ஈய-அமில பேட்டரி கூடாதா என்று கேட்கலாம். எமர்ஜென்சி லைட்டுகளில் பரவலாக இருக்கும் 6 வோல்ட், 4.5 ஆம்பியர்-மணி பேட்டரி 27 வாட்-மணி கொண்டது. புதிதில் தாராளமாகப் போதும். விலையும் குறைவு. அதன் எதிரி வெப்பம். இந்தப் பேட்டரிகளின் ஆயுளை 25 டிகிரி செல்சியஸில்தான் கணக்கிடுகிறார்கள். வெப்பம் ஒவ்வொரு 10 டிகிரி கூடும்போதும் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். தகரக் கூரையின் கீழ், கோடையில் 40 டிகிரியைத் தொடும் நடைவழியில் நான்கு வருட பேட்டரி ஒன்றரை வருடத்திலேயே தளர்ந்துபோவதற்கு இதுதான் காரணம். சார்ஜ் இல்லாமல் கடை அலமாரியில் பல மாதம் கிடந்தாலும் அது உள்ளுக்குள் கெட்டுவிடும். எனவே வாங்கும்போது தயாரிப்பு மாதத்தைப் பார்க்க வேண்டும். கையில் மல்டிமீட்டர் இருந்தால் முனைகளில் வைத்துப் பார்க்கலாம். 6 வோல்ட்டுக்குக் கீழே காட்டினால் அந்தப் பேட்டரி வேண்டாம்.

சுவிட்சுக்கு முன்னால் மாட்ட வேண்டும்

சரியான விளக்கை வாங்கித் தவறான வயரில் மாட்டினால் எல்லாம் வீண். நடைவழியில் அடிக்கடி காணும் தவறுகள் இரண்டு.

நடைவழி விளக்கின் சுவிட்சுக்குப் பின்னால் எமர்ஜென்சி லைட்டை இணைத்துவிடுவது முதல் தவறு. இரவு பத்து மணிக்கு வாட்ச்மேன் சுவிட்சை அணைத்துவிட்டுப் போவார். கரண்ட் போய்விட்டது என்று நினைத்து ஐந்து விளக்குகளும் எரியத் தொடங்கும். ஆளில்லா நடைவழியில் பேட்டரி வற்றும்வரை எரியும். இப்படித் தினமும் அடியோடு வற்றிச் சார்ஜ் ஏறும் பேட்டரி சில மாதங்களிலேயே செத்துவிடும். மறுநாள் காலையில் கரண்ட் போனால் எரிய அதில் எதுவும் இருக்காது.

இரண்டாவது தவறு, எமர்ஜென்சி லைட்டை வேறு எம்.சி.பி.யில் இணைப்பது. நடைவழி விளக்குகளின் எம்.சி.பி. ட்ரிப் ஆகிறது. ஆனால் பக்கத்துக் கடையின் லைனில் மாட்டிய எமர்ஜென்சி லைட்டுக்கு மின்சாரம் வந்துகொண்டே இருக்கிறது. அதற்குத் தெரிந்தவரை எல்லாம் நலம். நடைவழி மட்டும் இருட்டு. எனவே நடைவழி விளக்குகள் எந்த எம்.சி.பி.யில் இருக்கின்றனவோ அதே லைனிலிருந்து, சுவிட்சுக்கு முன்னாலேயே, எமர்ஜென்சி லைட்டுக்கு வயர் எடுக்க வேண்டும். இந்த வேலையை உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன்தான் செய்ய வேண்டும்.

தேர்வு நாள்

மாட்டியாயிற்று. இனித்தான் உண்மை தெரியும். விளக்கின் பக்கத்தில் இருக்கும் டெஸ்ட் பட்டனை அழுத்திப் பார்த்து, எரிகிறது என்று திருப்தி அடைவது போதாது. அந்தப் பட்டன் விளக்கும் பேட்டரியும் இணைந்திருக்கின்றன என்று மட்டும்தான் சொல்லும். அடியோடு தளர்ந்த பேட்டரியும் பத்து விநாடிக்கு விளக்கைப் பளிச்சென்று எரியவைக்கும்.

முதலில் விளக்குகளுக்கு 24 மணி நேரம் தடையில்லாமல் சார்ஜ் ஏற வேண்டும். ஒவ்வொரு விளக்குக்கும் படிக்கட்டிலிருந்து தொடங்கி 1 முதல் 5 வரை எண் எழுதிவிட வேண்டும். கடைகள் அடைத்து, ஆட்கள் போன பிறகு, வாட்ச்மேனை உடன் வைத்துக்கொண்டு நடைவழி எம்.சி.பி.யை இறக்க வேண்டும். சில விநாடிகளுக்குள் ஐந்தும் எரிகின்றனவா என்று பார்த்து, விளக்குகளுக்கு நடுவில் உள்ள இடங்களில் தரையில் லக்ஸ் மீட்டரை வைத்து அளந்து எழுதிக்கொள்ள வேண்டும். லக்ஸ் மீட்டர் கிடைக்காவிட்டால் கைபேசிச் செயலியையும் பயன்படுத்தலாம். அது காட்டும் எண்ணைத் துல்லியமானதென்று நம்ப முடியாது. ஆனால் அதே கைபேசியை அதே இடத்தில் வைத்தால் வெளிச்சம் எவ்வளவு குறைந்தது என்பதை ஓரளவு நன்றாகவே காட்டும்.

பிறகு எம்.சி.பி.யை ஏற்றிவிட்டு, ஒற்றைப்படை எண் கொண்ட விளக்குகளை மட்டும் பிளக்கிலிருந்து கழற்றி எரியவிட வேண்டும். இரட்டைப்படை விளக்குகளுக்கு இரண்டு நாள் கழித்துத் தேர்வு. காரணம் இருக்கிறது. முழுக்க வற்றிய பேட்டரிக்கு மறுபடி சார்ஜ் ஏற ஒரு நாள்வரை ஆகலாம். ஐந்தையும் ஒரே இரவில் வற்றவிட்டு, மறுநாள் காலையில் கரண்ட் போனால் நடைவழியில் ஒரு விளக்குகூட இருக்காது.

எரியத் தொடங்கியதும், பிறகு 15, 30, 45, 60, 90 நிமிடங்களிலும் ஒவ்வொரு விளக்கின் நேர் கீழே தரையில் அளக்க வேண்டும். நமது நடைவழியில் நேர் கீழே 15 லக்ஸ் இருக்கும்போது நடு இடங்களில் 13 வரை வருகிறது என்றால், நேர் கீழே 11 லக்ஸுக்குக் குறையும் நேரத்தில் நடு இடங்கள் 10க்குக் கீழே போய்விடும். விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருக்கலாம். நடைவழியைப் பொறுத்தவரை அதன் நேரம் முடிந்துவிட்டது.

இந்த அளவீட்டில் இரு வகை விளக்குகளும் எப்படி நடந்துகொள்ளும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. சீரான மின்னோட்டம் தரும் மின்சுற்று கொண்ட விளக்கு 15 லக்ஸில் தொடங்கினால் 90ஆவது நிமிடத்திலும் 15 அல்லது 14 காட்டும். 160ஆவது நிமிடத்தில் சட்டென்று அணையும். மலிவான விளக்கு அப்படியல்ல. அதில் லித்தியம் செல்லும் எல்.இ.டி.யும் வெறும் ஒரு ரெசிஸ்டர் வழியாக இணைந்திருக்கும். முழுச் சார்ஜில் செல் 4.2 வோல்ட் தரும். எல்.இ.டி.க்குச் சுமார் 3 வோல்ட் தேவை. மிஞ்சும் 1.2 வோல்ட்தான் மின்னோட்டத்தைத் தள்ளுகிறது. செல் 3.6 வோல்ட்டுக்கு இறங்கும்போது மிஞ்சுவது 0.6 வோல்ட். மின்னோட்டமும் பாதி, வெளிச்சமும் ஏறக்குறைய பாதி. இவ்வகை விளக்கு 20 லக்ஸில் தொடங்கி எல்லோரையும் அசத்திவிட்டு, முக்கால் மணி நேரத்தில் 11ஐத் தொட்டு, அதன்பின் மூன்று மணி நேரம் மினுக்கிக்கொண்டே இருக்கும். பெட்டியில் எழுதிய நான்கு மணி நேரம் இந்த மினுக்கலையும் சேர்த்த கணக்கு.

எனவே வாங்கும் முன் கடையில் எரியவைத்துக் காட்டும் முதல் நிமிட வெளிச்சத்தை வைத்து இரண்டு விளக்குகளை ஒப்பிடக் கூடாது. ஒரே ஒரு விளக்கை முதலில் வாங்கி, வீட்டிலோ கடையிலோ 90 நிமிடம் அளந்து பார்த்து, தேறினால் மீதி நான்கை வாங்குவது நல்லது.

நோட்டில் ஒரு வரி

தேர்வு ஒரே நாளில் முடிவதில்லை. அமெரிக்காவின் தீப்பாதுகாப்பு விதித்தொகுப்பான என்.எஃப்.பி.ஏ. 101, மாதம் ஒருமுறை 30 விநாடித் தேர்வும் வருடம் ஒருமுறை 90 நிமிட முழுத் தேர்வும் வேண்டும் என்கிறது. பிரிட்டனிலும் மாதத் தேர்வு, வருட முழுத் தேர்வு என்ற அதே முறைதான். நமது நடைவழிக்கும் இது கச்சிதமாகப் பொருந்தும். மாதம் ஒருமுறை எம்.சி.பி.யை ஒரு நிமிடம் இறக்கி ஐந்தும் எரிகின்றனவா என்று பார்ப்பது, வருடம் ஒருமுறை முழு அளவீடு.

நோட்டில் எழுதி வைப்பதன் பயன் மூன்றாம், நான்காம் வருடத்தில்தான் தெரியும். மூன்றாம் எண் விளக்கு முதல் வருடம் 160 நிமிடம், இரண்டாம் வருடம் 146, மூன்றாம் வருடம் 125, நான்காம் வருடம் 102 என்று வந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். நான்காம் வருடத் தேர்விலும் அது தேறிவிட்டது. ஆனால் கடைசி இரண்டு வருடங்களிலும் 20 நிமிடத்துக்கு மேல் குறைந்திருப்பதால் அடுத்த தேர்வுக்கு முன்பே 90க்குக் கீழே போய்விடும். பேட்டரியை இப்போதே மாற்றிவிட வேண்டும். நோட்டு இல்லையென்றால் இது தெரிய வழியே இல்லை.

இடையில் பேட்டரி கெட்டுவருவதற்குச் சில அடையாளங்கள் உண்டு. முழுத் தேர்வு முடிந்து வற்றிய விளக்கைப் பிளக்கில் மாட்டிய சில நிமிடங்களிலேயே சார்ஜ் முடிந்ததாகப் பச்சை விளக்கு எரிந்தால் பேட்டரி சார்ஜை ஏற்கவில்லை என்று பொருள். பேட்டரியின் பக்கங்கள் உப்பியிருப்பதும் முனைகளில் வெள்ளைப் பொடி படிந்திருப்பதும் அப்படியே. உப்பிய லித்தியம் செல்லை அழுத்தவோ குத்தவோ கூடாது, தீப்பிடிக்கும். பெட்டியைத் திறக்கும் முன் மின்சாரத்தை முழுவதும் துண்டிக்க வேண்டும். மாற்றிய பழைய பேட்டரியைக் குப்பையில் போடக் கூடாது. 2022ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி அதைத் திரும்பப் பெற்று மறுசுழற்சி செய்யும் பொறுப்பு தயாரிப்பாளர்களுக்கு உண்டு. புது பேட்டரி வாங்கும் கடையிலேயே பழையதைக் கொடுத்துவிடலாம்.

வருடத்தில் எந்த மாதம் முழுத் தேர்வு வைப்பது? ஜவுளிக் கடை நடைவழிக்குத் தீபாவளிக்கு ஒரு மாதம் முன்பு வைப்பதே பொருத்தம். தேறாத பேட்டரியைத் தேடி வாங்கவும், மாட்டவும், ஒரு நாள் முழுக்கச் சார்ஜ் ஏற்றி மறுபடி 90 நிமிடம் அளக்கவும் அப்போதுதான் அவகாசம் இருக்கும். கடைக்காரர்கள் சங்கம் இந்த வருடம் அந்த ஓர் இரவை ஒதுக்கட்டும். நோட்டின் முதல் பக்கத்தில் தேதியையும் ஐந்து விளக்குகளின் நிமிடங்களையும் எழுதி, அதை மீட்டர் போர்டுக்குப் பக்கத்திலேயே தொங்கவிடட்டும்.